என்ட்ரலாக் பின்னல்: கட்டங்களும், ஓரத்தில் கண்ணி எடுப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாய்ந்த சிறு கட்டங்கள் கூடை முடைந்தது போலத் தெரியும் கைப்பின்னல்தான் என்ட்ரலாக். நிட், பர்ல் இரண்டும் கைக்கு வந்து, கண்ணி கூட்டவும் குறைக்கவும் தெரிந்தவர்களுக்கான பக்கம் இது. எல்லா விளக்கத்துக்கும் ஒரே மாதிரித்துண்டைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்: கட்டத்துக்கு 6 கண்ணி, அகலத்துக்கு 4 கட்டம், மொத்தம் 24 கண்ணி. ஊசியும் நூலும் கையில் வைத்துக்கொண்டு படித்தால் சீக்கிரம் புரியும். வெறுமனே படித்தால் தலை சுற்றும்.

சாய்ந்த கட்டங்களைத் தனித்தனியாகப் பின்னி, அப்புறம் தைத்துச் சேர்க்கிறார்களா?

இல்லை, தையலே கிடையாது. கூடை முடைந்த மாதிரி பட்டைகள் மேலும் கீழும் போவதாகத் தெரிவது கண்ணுக்கு மட்டும்தான். எல்லாக் கட்டங்களும் ஒரே ஊசியில், ஒன்றன்பின் ஒன்றாக வளர்கின்றன. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தின் 6 கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னுவீர்கள். மற்ற கட்டங்களின் கண்ணிகள் ஊசியிலேயே காத்திருக்கும்.

ஒவ்வொரு கட்டமும் கீழ் அடுக்கோடு இரண்டு இடத்தில் ஒட்டுகிறது. ஒரு பக்கத்துக் கட்டத்தின் ஓரத்தில் புதிதாகக் கண்ணி எடுத்துத்தான் அது பிறக்கிறது. வளரும்போது, மறுபக்கத்துக் கட்டத்தின் காத்திருக்கும் கண்ணிகளை இரண்டு வரிசைக்கு ஒன்றாகத் தின்றுகொண்டே போகிறது. ஆறையும் தின்று முடித்தால் கட்டமும் முடிந்தது. இந்த இரண்டு ஒட்டும் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் திசைக் கணக்குதான்.

24 கண்ணிதானே? நான் நினைத்த அகலத்துக்கு ரொம்பக் குறைவாகத் தெரிகிறதே?

சாதாரணப் பின்னல் கணக்கு இங்கே செல்லாது. உங்கள் நூலுக்கு 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 கண்ணியை நேராகப் பின்னினால் 11 செ.மீ. வரும். என்ட்ரலாக்கில் அதே 24 கண்ணி ஏறத்தாழ 18, 19 செ.மீ. வரை விரியும்.

காரணம், கட்டம் சாய்ந்து நிற்கிறது. துணியின் அகலத்தைத் தீர்மானிப்பது கட்டத்தின் பக்கமல்ல, மூலைவிட்டம். 6 கண்ணியின் அகலம் 2.7 செ.மீ., அதன் 12 வரிசையின் உயரம் 4 செ.மீ. பக்கத்துக் கட்டத்தின் 4 செ.மீ. ஓரத்தில் இந்தக் கட்டத்தின் 6 கண்ணி உட்கார வேண்டியிருப்பதால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, பக்கம் இரண்டுக்கும் நடுவே 3.3 செ.மீ. பக்கம் வந்து நிற்கும். அதன் மூலைவிட்டம் சுமார் 4.7 செ.மீ. நான்கு கட்டத்துக்கு அதைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இது தோராயம்தான். நூலின் இழுவையும் கையின் இறுக்கமும் ஆளுக்கு ஆள் மாறும். ஸ்வெட்டர் மாதிரி அளவு முக்கியமான உருப்படி என்றால், இரண்டு கட்ட அகலத்தில் மூன்று அடுக்கு பின்னி, நனைத்து, காயவைத்து, மூலையிலிருந்து மூலைக்கு அளந்து பாருங்கள். உலர்ந்த பிறகு எடுத்த அளவை மட்டும் நம்பலாம்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரியும்: ஆரம்பக் கண்ணிகள் 11 செ.மீ.க்குப் பதில் 18 செ.மீ.க்கு விரிந்து கொடுக்க வேண்டும். இறுக்கி ஏற்றினால் அடிஓரம் சுருங்கி, துணி மேலே விசிறியாக விரிந்துவிடும். இரண்டு அளவு பெரிய ஊசியில் கண்ணி ஏற்றிவிட்டு, முதல் வரிசையிலிருந்து உங்கள் வழக்கமான ஊசிக்கு வந்துவிடுங்கள்.

அடி முக்கோணங்களை எப்படிப் போடுவது? மாதிரியில் "திருப்பு, திருப்பு" என்றே எழுதியிருக்கிறது.

அந்தத் திருப்பல்கள்தான் முக்கோணத்தை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு முறையும் ஆரம்பக் கண்ணிகளில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு பாதியிலேயே திரும்புகிறீர்கள். 24 கண்ணி ஏற்றிய பிறகு, பின்பக்கம் உங்களைப் பார்த்திருக்க, இப்படித் தொடங்குங்கள்:

1 பர்ல், திருப்புங்கள். 1 நிட், திருப்புங்கள்.
முதல் கண்ணியைப் பின்னாமல் மாற்றிவிட்டு 1 பர்ல், திருப்புங்கள். 2 நிட், திருப்புங்கள்.
ஒன்றை மாற்றிவிட்டு 2 பர்ல், திருப்புங்கள். 3 நிட், திருப்புங்கள்.

இப்படியே போய், ஒன்றை மாற்றிவிட்டு 5 பர்ல் போட்டதும் 6 கண்ணி ஆகிவிடும். இப்போது திருப்பாதீர்கள். முதல் முக்கோணம் முடிந்தது. அதை வலது ஊசியிலேயே விட்டுவிட்டு, அடுத்த ஆரம்பக் கண்ணியில் மறுபடி 1 பர்லிலிருந்து தொடங்குங்கள். நான்கு முக்கோணம் ஆனதும் மொத்த வேலையையும் திருப்புங்கள்.

பர்ல் வரிசையின் தொடக்கத்தில் மாற்றிவிடும் அந்த ஒரு கண்ணியை விட்டுவிட வேண்டாம். பர்ல் போடுவது போல ஊசியை நுழைத்து, நூலை இருந்த இடத்திலேயே வைத்து, வலது ஊசிக்குத் தள்ளுங்கள். ஓரத்தில் ஒரு சங்கிலி உருவாகும். அடுத்த அடுக்குக்குக் கண்ணி எடுக்கப் போவது அந்தச் சங்கிலியில்தான்.

நான்கு முக்கோணமும் சுருண்டு, முறுக்கிக்கொண்டு நிற்கிறது. எங்கோ தப்பு நடந்துவிட்டதா?

எல்லோருக்கும் அப்படித்தான் நிற்கும். எல்லாமே ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எது எந்த முக்கோணம் என்றே தெரியாது. ஊசியில் 24 கண்ணி இருக்கிறதா என்று மட்டும் எண்ணுங்கள். இருந்தால் சரி. அடுத்த அடுக்கு பாதி ஏறியதும் தானாகத் தட்டையாகும்.

முதல் கட்ட அடுக்கு முழுவதையும் ஒருமுறை வரிசை வரிசையாகச் சொல்ல முடியுமா?

முன்பக்கம் உங்களைப் பார்த்திருக்கிறது. இந்த அடுக்கில் வலது ஓர முக்கோணம் ஒன்று, முழுக் கட்டம் மூன்று, இடது ஓர முக்கோணம் ஒன்று வரும்.

வலது ஓர முக்கோணம்: 2 நிட், திருப்பி 2 பர்ல், திருப்புங்கள். இனி ஒவ்வொரு முன்பக்க வரிசையிலும் இரண்டு காரியம் நடக்கும். முதல் கண்ணியில் முன்னும் பின்னும் நிட் போட்டு ஒன்றை இரண்டாக்க வேண்டும். கடைசிக் கண்ணியை, அடி முக்கோணத்தில் காத்திருக்கும் அடுத்த கண்ணியோடு சேர்த்து ஒன்றாக்க வேண்டும். அப்படிச் சேர்க்க, இரண்டையும் ஒவ்வொன்றாக நிட் போடுவது போல வலது ஊசிக்கு மாற்றி, இடது ஊசியை அவற்றின் முன்புறமாக நுழைத்து, பின்வளையம் வழியாகச் சேர்த்து நிட் போடுங்கள். இடப்பக்கம் சாயும் இணைப்பு இது. பின்பக்க வரிசைகள் எல்லாம் வெறும் பர்ல். கண்ணிகள் 3, 4, 5 என்று வளர்ந்து 6 ஆகும்போது, அடி முக்கோணத்தின் ஆறு கண்ணிகளும் தீர்ந்திருக்கும். அந்தக் கடைசி இணைப்புக்குப் பிறகு திருப்ப வேண்டாம்.

முதல் முழுக் கட்டம்: இப்போது வலது ஊசியின் நுனி ஒரு அடி முக்கோணத்தின் உச்சியில் நிற்கிறது. அதன் இடது ஓரம் உச்சியிலிருந்து கீழே இறங்குகிறது. அந்த ஓரத்தில் 6 கண்ணி எடுங்கள். எடுத்து முடிக்கும்போது ஊசி பள்ளத்தில், அடுத்த முக்கோணத்தின் முதல் கண்ணிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். திருப்பி 6 பர்ல், திருப்புங்கள். இனி முன்பக்க வரிசை: ஒன்றை மாற்றிவிட்டு 4 நிட், ஆறாவது கண்ணியை அடுத்த முக்கோணத்தின் கண்ணியோடு மேலே சொன்னபடி இணைத்து, திருப்புங்கள். பின்பக்க வரிசை: 6 பர்ல், திருப்புங்கள். இணைப்பு ஆறு முறை நடக்க வேண்டும். ஆறாவது இணைப்போடு நிறுத்தி, திருப்பாமல் அடுத்த ஓரத்தில் கண்ணி எடுக்கப் போங்கள். மூன்று கட்டமும் இப்படியே.

இடது ஓர முக்கோணம்: கடைசி அடி முக்கோணத்தின் ஓரத்தில் 6 கண்ணி எடுத்து, திருப்புங்கள். இதற்கு அப்பால் இணைக்க யாரும் இல்லை, அதனால் இது தேய வேண்டும். பின்பக்க வரிசைத் தொடக்கத்தில் இரண்டைச் சேர்த்து பர்ல், மீதியும் பர்ல், திருப்புங்கள். முன்பக்கத்தில் ஒன்றை மாற்றிவிட்டு மீதி நிட். 5, 4, 3, 2 என்று குறைந்து, கடைசியாக இரண்டைச் சேர்த்து பர்ல் போட்டதும் ஒரே கண்ணி மிஞ்சும். அதைக் கழற்ற வேண்டாம். அடுத்த அடுக்கின் முதல் கண்ணி அதுதான்.

ஓரத்தில் கண்ணி எடுக்கும்போது ஊசியைச் சரியாக எங்கே குத்த வேண்டும்? எனக்கு ஒருமுறை 5 வருகிறது, ஒருமுறை 8 வருகிறது.

ஓரத்துச் சங்கிலி ஒவ்வொன்றும் இரண்டு வரிசைக்குச் சமம். கட்டத்தில் முதல் வரிசையை விட்டுப் பார்த்தால் 12 வரிசை, ஆகவே 6 சங்கிலி. ஒரு சங்கிலிக்கு ஒரு கண்ணி எடுத்தால் கணக்கு தானாகச் சரியாகிவிடும். 8 வருகிறது என்றால் சங்கிலிகளுக்கு நடுவே இருக்கும் முடிச்சு போன்ற இடத்திலும் குத்துகிறீர்கள். அதைத் தாண்டிவிடுங்கள்.

அடி முக்கோணங்களில் மட்டும் கணக்கு கொஞ்சம் வேறு. அவற்றின் ஓரத்தில் 5 சங்கிலிதான் இருக்கும். ஆறாவது கண்ணியைக் கீழே, ஆரம்பக் கண்ணிகளின் மூலையில் எடுக்க வேண்டும். முதல் அடுக்கில் பலருக்கு 5 மட்டும் வருவது இதனால்தான். இடது ஓர முக்கோணத்தில் 4 சங்கிலி இருக்கும். அங்கே மிஞ்சிய ஒரு கண்ணி ஏற்கெனவே ஊசியில் இருப்பதால் இன்னும் 5 போதும்: நான்கு சங்கிலியில், ஒன்று கீழ் மூலையில்.

குத்தும் விதம்: ஒவ்வொரு சங்கிலிக்கும் இரண்டு கால் உண்டு, V வடிவில். ஊசி இரண்டு காலுக்கும் அடியில் போக வேண்டும். முன்பக்க அடுக்கில், முன்பக்கத்திலிருந்து பின்னுக்குக் குத்தி, நூலைச் சுற்றி, வளையத்தை உங்கள் பக்கம் இழுங்கள். ஒற்றைக் காலில் மட்டும் எடுத்தால் சுலபமாக இருக்கும், ஆனால் அந்தக் கால் இழுபட்டு, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஏணிப்படி போல வரிசையாக ஓட்டை தெரியும்.

சிலர் ஓரக் கண்ணியை மாற்றிவிடாமல் எல்லாவற்றையும் பின்னுவார்கள். அதில் ஓரம் இன்னும் இறுக்கமாக இருக்கும், உண்மைதான். ஆனால் எங்கே குத்துவது என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கும். முதல் இரண்டு மூன்று உருப்படிகளுக்குச் சங்கிலி ஓரமே என் சிபாரிசு. ஊசி வளைந்து கொடுக்கவில்லை என்றால், கொக்கி ஊசியால் வளையங்களை இழுத்து வலது ஊசியில் மாட்டிக்கொண்டே போகலாம். விளைவு ஒன்றுதான்.

பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பர்ல் விதத்தில் கண்ணி எடு என்கிறார்கள். அது எப்படி?

இரண்டாவது அடுக்கில் துணியின் பின்பக்கம் உங்களைப் பார்த்திருக்கும். நூல் முன்னால், உங்கள் பக்கம் இருக்கட்டும். வலது ஊசியை ஓரத்துக்குப் பின்னால் கொண்டுபோய், சங்கிலியின் இரண்டு காலுக்கும் அடியில், பின்னாலிருந்து உங்களை நோக்கிக் குத்துங்கள். நுனி வெளியே வந்ததும் பர்ல் போடுவது போல நூலைச் சுற்றி, வளையத்தை அப்பால் தள்ளி இழுங்கள். வளையம் துணியின் முன்பக்கத்தில் போய் நிற்கும். அங்கே நிற்பதற்காகத்தான் இவ்வளவு பாடு: எடுத்த இடத்தின் தடித்த கோடு பின்பக்கத்திலேயே தங்கி, முன்பக்கம் சுத்தமாக இருக்கும்.

முதல் கட்டத்துக்கு, மிஞ்சிய ஒன்றோடு 5 எடுத்து ஆறாக்குங்கள். திருப்பி 6 நிட், திருப்புங்கள். இனி பின்பக்க வரிசை: ஒன்றை மாற்றிவிட்டு 4 பர்ல், ஆறாவதை அடுத்த கட்டத்தின் கண்ணியோடு சேர்த்து பர்ல். முன்பக்க வரிசை: 6 நிட். ஆறு இணைப்பு ஆனதும் திருப்பாமல் அடுத்த ஓரத்தில் பர்ல் விதத்தில் 6 எடுங்கள். இந்த அடுக்கில் ஓர முக்கோணம் கிடையாது, முழுக் கட்டம் நான்கு. அது முடிந்ததும் வேலையைத் திருப்பி, மறுபடி வலது ஓர முக்கோணத்திலிருந்து தொடங்குங்கள். துணி வளர்வது இந்த இரண்டு அடுக்கும் மாறி மாறி வருவதால்தான்.

கண்ணி எடுக்கும் ஓரம் எப்போதும் இணைப்பு இல்லாத ஓரம். முன்பக்க அடுக்கின் கட்டங்களில் அது வலது ஓரம், அதனால் நிட் வரிசைத் தொடக்கத்தில் மாற்றிவிடுகிறோம். பின்பக்க அடுக்கில் இடது ஓரம், அதனால் பர்ல் வரிசைத் தொடக்கத்தில். எங்கே மாற்றிவிடுவது என்று குழம்பினால், எந்தப் பக்கம் இன்னும் யாரோடும் ஒட்டாமல் நிற்கிறது என்று பாருங்கள்.

நான்கு கட்டமும் சந்திக்கும் மூலையில் ஓட்டை விழுகிறது. அதற்கு என்ன வழி?

பெரும்பாலும் அது பள்ளத்தில், கடைசியாக எடுத்த கண்ணிக்கும் முதல் இணைப்புக்கும் நடுவே விழும். அங்கே புதுக் கட்டத்தின் 6 கண்ணியும் காத்திருக்கும் 6 கண்ணியும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. இடையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

மூன்று வழி உண்டு. முதலில் எளிதானது: ஆறாவது கண்ணியை ஓரத்தின் நுனியில் எடுக்காமல், ஒரு இழை உள்ளே தள்ளி, முந்தைய அடுக்கு சேரும் மூலையில் எடுங்கள். அங்கே துணி கெட்டியாக இருக்கும். அது போதவில்லை என்றால் ஏழாவதாக ஒன்றை மூலையிலிருந்தே எடுத்து, அடுத்த வரிசையின் தொடக்கத்தில் முதல் இரண்டையும் சேர்த்துப் பின்னி ஆறாக்கிவிடுங்கள். அந்தக் கூடுதல் இழை ஓட்டையை மூடிவிடும். மூன்றாவது, முதல் இணைப்பு போட்டதும் நூலை லேசாக இழுத்துவிட்டுத் திருப்புவது. லேசாகத்தான். அதிகம் இழுத்தால் மூலை பொத்தான் வைத்தது போல உள்ளே குழியும்.

உச்சியில் ஓட்டை என்றால் விஷயம் வேறு. முந்தைய கட்டத்தின் கடைசிக் கண்ணிக்குப் பிறகு முதல் கண்ணியை ரொம்பக் கீழே தள்ளி எடுத்திருப்பீர்கள். மேல் சங்கிலியை விடாமல் அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஊசிமுனை அளவு துளி இடைவெளி எல்லா என்ட்ரலாக்கிலும் இருக்கும். நனைத்துக் காயவைத்தால் கம்பளி அதைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். பருத்தி நூல் நிரப்பாது, அதனால் பருத்தியில் பின்னும்போது இரண்டாவது வழியை ஆரம்பத்திலிருந்தே பழகிக்கொள்வது நல்லது.

கட்டங்கள் தட்டையாக இல்லாமல் உப்பி நிற்கின்றன. இஸ்திரி போட்டு அழுத்தலாமா?

அழுத்தவே வேண்டாம், அந்த உப்பல்தான் இந்தப் பின்னலின் அழகு. முன்னால் சொன்ன 2.7-க்கும் 4-க்கும் நடுவேயான இழுபறிதான் அதன் காரணம். ஈரப்படுத்தி, கையால் சீராக விரித்து, அப்படியே காயவிட்டால் போதும்.

தட்டையாகவே வேண்டும் என்பவர்கள் கட்டங்களை கார்ட்டர் பின்னலில், அதாவது எல்லா வரிசையும் நிட்டாகப் போட்டுப் பார்க்கலாம். அதில் இரண்டு வரிசையின் உயரம் ஒரு கண்ணியின் அகலத்துக்கு ஏறத்தாழச் சமம் என்பதால் கட்டம் உண்மையிலேயே சதுரமாகும், இழுபறி குறையும். பின்பக்கமும் பார்க்கும்படி இருக்கும். கழுத்துத் துண்டுக்கு எனக்கு அதுவே பிடிக்கும்.

ஒவ்வொரு அடுக்குக்கும் நிறம் மாற்றினால் மிஞ்சிய ஒற்றைக் கண்ணி பழைய நிறத்தில் நிற்கிறதே?

அந்தக் கண்ணியை இடது ஊசிக்குத் திருப்பிப் போட்டு, புது நிறத்தில் ஒரு பர்ல் போட்டு வலது ஊசிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஓரத்தில் 5 எடுங்கள். அடுத்த அடுக்கில், வலது ஓர முக்கோணத்தின் முதல் 2 நிட்டையே புது நிறத்தில் தொடங்கினால் ஆயிற்று.

நீளமாக நிறம் மாறும் நூல் வைத்திருந்தால் வெட்டவே வேண்டியதில்லை. ஆனால் நிறம் சீக்கிரம் சீக்கிரம் மாறும் நூலில் கட்டத்துக்குள்ளேயே கோடு விழுந்து, சாய்வே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அந்த நூலை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு கண்ணிக்காக நிமிடத்துக்கு நாலு முறை வேலையைத் திருப்புவது பெரிய தொல்லை. தப்பிக்க வழி உண்டா?

உண்டு. திருப்பாமல், இடமிருந்து வலமாகப் பின்னோக்கிப் பின்னப் பழகுவது. முன்பக்கம் உங்களைப் பார்த்தபடியே இருக்க, இடது ஊசியை வலது ஊசியிலுள்ள கண்ணியின் பின்வளையத்துக்குள் முன்னாலிருந்து பின்னுக்கு நுழைத்து நிட் போடுகிறீர்கள். பின்பக்கம் பார்த்தால் அது பர்ல். முதலில் கண்ணி தளர்ந்து வரும், அதனால் அளவுத்துண்டிலிருந்தே இந்த முறையில் பின்ன ஆரம்பியுங்கள். சிறிய உருப்படிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம், போர்வை என்றால் கட்டாயம் பலன் உண்டு.

நடுவில் தப்பு தெரிந்தால் எவ்வளவு தூரம் பிரிப்பது?

நடக்கிற கட்டத்தில் என்றால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் பிரித்தால் போதும். இணைத்த கண்ணிகள் ஒவ்வொன்றாக விடுபடும்போது இடது ஊசியில் மாட்டிக்கொண்டே வாருங்கள். முந்தைய கட்டத்தில் என்றால் இரண்டையும் பிரிக்க வேண்டும். கீழ் அடுக்கில் என்றால் அதற்கு மேலுள்ள எல்லாமே போகும். அதனால் ஒவ்வொரு அடுக்கும் முடிந்ததும் எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும் வேறு நிற மெல்லிய நூலை ஓட்டி வைப்பது புத்திசாலித்தனம். பிரிக்க நேர்ந்தால் அதுவரை வந்து நிற்கும்.

அடுக்கு முடிவில் எண்ண வேண்டியது இது. பின்பக்க அடுக்குக்குப் பிறகு 24 கண்ணி. முன்பக்க அடுக்குக்குப் பிறகு 25: வலது முக்கோணத்தில் 6, மூன்று கட்டத்தில் 18, மிஞ்சிய 1. இந்த எண் வரவில்லை என்றால் ஏதோ ஒரு கட்டத்தில் ஓர் இணைப்பு விட்டுப்போயிருக்கும். அந்தக் கட்டம் மற்றவற்றைவிடக் குட்டையாகத் தெரியும், பக்கத்தில் ஒரு கண்ணி அனாதையாக நிற்கும்.

மேல் ஓரத்தைப் பல்லுப்பல்லாக விடாமல் நேராக முடிப்பது எப்படி?

முன்பக்க அடுக்கோடு நிறுத்துங்கள். ஊசியில் 25 கண்ணி, பின்பக்கம் உங்களைப் பார்த்திருக்கும். மிஞ்சிய ஒன்றோடு, ஓரத்தில் பர்ல் விதத்தில் 5 எடுத்து ஆறாக்குங்கள். திருப்பி 6 நிட், திருப்புங்கள். இனி ஒவ்வொரு பின்பக்க வரிசையிலும் இரண்டு முனையிலும் வேலை இருக்கிறது. தொடக்கத்தில் இரண்டைச் சேர்த்து பர்ல் போட்டுத் தேய்க்க வேண்டும். முடிவில் வழக்கம்போல் பக்கத்துக் கட்டத்தின் கண்ணியோடு சேர்த்து பர்ல்.

அதன்படி: இரண்டு சேர்த்து பர்ல், 3 பர்ல், இணைப்பு, 5 நிட்.
இரண்டு சேர்த்து பர்ல், 2 பர்ல், இணைப்பு, 4 நிட்.
இரண்டு சேர்த்து பர்ல், 1 பர்ல், இணைப்பு, 3 நிட்.
இரண்டு சேர்த்து பர்ல், இணைப்பு; 2 நிட்.
1 பர்ல், இணைப்பு, 2 நிட்.
கடைசியாக, இருக்கும் இரண்டையும் பக்கத்துக் கட்டத்தின் ஆறாவது கண்ணியையும் சேர்த்து மூன்றாக ஒரே பர்ல்.

ஒரு கண்ணி மிஞ்சும். அடுத்த முக்கோணத்துக்கு அதுவே முதல் கண்ணி, இன்னும் 5 எடுத்துத் தொடருங்கள். நான்காவது முக்கோணம் வலது ஓர முக்கோணத்தின் கண்ணிகளைத் தின்று முடிக்கும். அதில் மிஞ்சும் கண்ணிக்குள் நூலை வெட்டி இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. மேல் ஓரம் அடிஓரத்தைவிட இறுகி வந்தால், இந்த முக்கோணங்களுக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி எடுத்துக்கொள்ளுங்கள்.

தொப்பி, சாக்ஸ் மாதிரி வட்டமாகப் பின்னும்போது ஓர முக்கோணங்கள் எங்கே போகும்?

ஓரமே இல்லை, அதனால் அவை தேவையில்லை. அடி முக்கோணங்களை முடித்து வட்டமாகச் சேர்த்த பிறகு, எல்லா அடுக்கிலும் ஒரே எண்ணிக்கையில் முழுக் கட்டங்கள்தான் வரும். ஆனால் வட்டம் என்பதற்காக ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போக முடியாது. ஓர் அடுக்கு முடிந்ததும் வேலையைத் திருப்பி, எதிர்த் திசையில் அடுத்த அடுக்கைப் பின்ன வேண்டும், ஒன்று நிட் விதத்தில், அடுத்தது பர்ல் விதத்தில். அடுக்கின் கடைசிக் கட்டம் அதே அடுக்கின் முதல் கட்டத்துக்குக் கீழே காத்திருக்கும் கண்ணிகளோடு இணையும். அந்தக் கண்ணிகள் எவை என்று தெரிய, அடுக்கு தொடங்கும் இடத்தில் ஓர் அடையாள வளையம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.